மேலாளர் அனுப்பிவிட்டார், வாக்கியம்தான் முடியவில்லை

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. கடிதம், அறிக்கை, ஒப்பந்தம் என்று எது வந்தாலும், புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வரிசை தமிழ் மாதிரி இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இது இலக்கணத் தப்பா, இல்ல கேக்க நல்லா இல்லையா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில், "தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும், அப்படியே போட்டால் தப்பு" என்பது. அது பாதி உண்மை. தமிழ் வரிசையை அப்படியே கொண்டுபோனால் சில வாக்கியங்கள் ஒரு கீறலும் இல்லாமல் தேறிவிடும். சில தேறாது, ஆனால் படிப்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். இன்னும் சில, நாம் நினைத்த வாக்கியமாக இல்லாமல் வேறொன்றாக மாறிப்போய் நிற்கும். நான் அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி வகைக்குத்தான். அதிலும், செயப்படுபொருளை முதலில் வைத்துத் தொடங்கும் வாக்கியங்களுக்கு. ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வரிசையைப் பார்க்க அது போதும்.

ஒரு வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: "கடிதத்தை மேலாளர் அனுப்பிவிட்டார்." மொழிபெயர்த்த தம்பி வேகமாக வேலை செய்பவர். மெயிலில் "தி லெட்டர் தி மேனேஜர் சென்ட்" என்று எழுதி அனுப்பிவிட்டார். மறுமுனையில் இருந்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: அந்தக் கடிதத்துக்கு என்ன?

தம்பிக்குக் குழப்பம். "அனுப்பியாச்சுன்னு சொன்னா, அதுக்கு என்னன்னு கேக்குறாரே அக்கா?"

அந்த மனிதர் சரியாகத்தான் படித்திருந்தார். "தி லெட்டர் தி மேனேஜர் சென்ட்" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு இயல்பான வாசிப்புதான் உண்டு: "மேலாளர் அனுப்பிய கடிதம்". அது வாக்கியமே இல்லை, வெறும் பெயர்த்தொடர். தமிழில் "அனுப்பிய" என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் துணைத்தொடர் பெயருக்குப் பின்னால் வரும், அதை இணைக்கும் "தட்" அல்லது "விச்" பல நேரங்களில் காணாமலும் போய்விடும். ஒரு பெயர், அதன் பின்னால் இன்னொரு பெயர், அதன் பின்னால் ஒரு வினை. இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தால் ஆங்கிலம் படிப்பவரின் மனது தானாகவே "அனுப்பிய கடிதம்" என்று கட்டிவிடுகிறது. அப்புறம் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது. முற்றுப்புள்ளி வந்துவிட்டால், "அதுக்கு என்ன?" என்று கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ஆக, இது இலக்கணப்படி சரியா தப்பா? தொடராகப் பார்த்தால் துளிப் பிழை இல்லை. மெயிலின் தலைப்பு வரியில் அதே சொற்களைப் போட்டிருந்தால் பிரமாதமாகப் பொருந்தியிருக்கும். வாக்கியமாகப் பார்த்தால் முழுமையில்லை. பிழை என்று கண்ணில் உறுத்தாததால்தான் இது வடிகட்டியில் சிக்காமல் வெளியே போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. சந்தேகப்படும் வாக்கியத்தின் கடைசியில் "இஸ் மிஸ்ஸிங்" என்று ஒட்டிப் பாருங்கள். "தி லெட்டர் தி மேனேஜர் சென்ட் இஸ் மிஸ்ஸிங்." மேலாளர் அனுப்பிய கடிதத்தைக் காணவில்லை. ஒட்டியதும் அழகான முழு வாக்கியம் வந்துவிட்டதா? அப்படியானால் நீங்கள் எழுதி வைத்திருந்தது பெயர்த்தொடர்தான், வாக்கியம் கிடையாது. "தி மேனேஜர் சென்ட் தி லெட்டர்" என்பதன் பின்னால் அதை ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. அந்த வாக்கியம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

தமிழில் ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை என்றால், காரணம் "ஐ". கடிதத்தை என்று இரண்டாம் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டுவிட்டால், அந்தச் சொல் எங்கே போனாலும் அது செயப்படுபொருள்தான். மேலாளர் கடிதத்தை அனுப்பினார், கடிதத்தை மேலாளர் அனுப்பினார், அவசரமாகப் பேசும்போது அனுப்பிட்டாரு மேலாளர் கடிதத்தை. யார் எதை அனுப்பினார் என்பதில் சந்தேகமே வராது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இப்படி ஓர் அடையாளம் கிடையாது. லெட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வேலை தெரியும். தமிழ் வரிசையைக் கொண்டுபோகிறோம், ஆனால் அந்த வரிசைக்குச் சுதந்திரம் கொடுத்த "ஐ"யை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம். சிக்கலின் வேர் அங்கேதான்.

ஆங்கிலத்தில் இந்த வகை வேற்றுமை அடையாளம் மிஞ்சியிருப்பது சில பிரதிப்பெயர்களில் மட்டும்: "ஹீ – ஹிம்", "ஐ – மீ" போன்றவை. அதனால் "ஹிம் ஐ நோ" என்றால் அது பெயர்த்தொடராகத் தோன்றாது, வாக்கியமாகவே நிற்கும். மற்றவர்களை எனக்குத் தெரியாது, அவரைத் தெரியும் என்ற அழுத்தம் அதில் இருக்கும். ஆனால் அதே அடையாளம் இருந்தும் "ஐ ஹிம் நோ" தேறாது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் செயப்படுபொருளை நுழைப்பதை இன்றைய ஆங்கிலம் ஏற்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த வரிசை இருந்தது. கிறிஸ்தவத் திருமண உறுதிமொழியில் மோதிரம் அணிவிக்கும்போது சொல்லும் "ஐ தீ வெட்" அதன் மிச்சம்தான்: "நான் உன்னை மணக்கிறேன்", அப்படியே தமிழ் வரிசை. அதை மேற்கோள் காட்டி "ஐ தி லெட்டர் சென்ட்" சரிதான் என்று என்னிடம் வாதாடியவரும் உண்டு. ரசித்தேன், திருத்தவும் செய்தேன்.

இந்த "ஐ தி லெட்டர் சென்ட்" வகையைத்தான் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். என் கணக்கில் அது அவ்வளவு ஆபத்தில்லாதது. தப்பு என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். படிப்பவர் ஒரு நொடி தடுமாறி, பிறகு சரியாக ஊகித்துவிடுவார். அப்படியே அச்சுக்குப் போவதும் அபூர்வம், ஏனென்றால் எழுதியவருக்கே உறுத்தும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அது பாதி கற்றுக்கொண்டவர்களிடமிருந்து வரும். "வினையைத் தூக்கி நடுவில் போடு, ஆங்கிலமாகிவிடும்" என்ற விதியைப் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். எழுவாய் முதலில் இருக்கும் வாக்கியத்தில் அது வேலை செய்யும். "ஆசிரியர் மாணவரைப் பாராட்டினார்" என்பதில் வினையை நடுவில் நகர்த்தினால் "தி டீச்சர் பிரெய்ஸ்ட் தி ஸ்டூடன்ட்". பழுதில்லை. ஆனால் தமிழில் "மாணவரை ஆசிரியர் பாராட்டினார்" என்று இருந்தால்? அதே விதிப்படி வினையை நடுவில் வைத்தால் "தி ஸ்டூடன்ட் பிரெய்ஸ்ட் தி டீச்சர்". மாணவர்தான் ஆசிரியரைப் பாராட்டினார் என்று ஆகிவிடுகிறது. இலக்கணத்தில் எங்கே தேடினாலும் பிழை கிடைக்காது, செய்தி மட்டும் தலைகீழ்.

கடிதமும் மேலாளருமாக இருந்தால் கடிதம் மேலாளரை அனுப்பாது என்று யாராவது சுதாரித்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் மனிதர்களாகவோ நிறுவனங்களாகவோ இருந்தால் சுதாரிக்க வழியே இல்லை. "வாங்குபவரை விற்பவர் எச்சரித்தார்" என்ற வரி ஒப்பந்தக் கடிதத்தில் திரும்பிப்போனால் யார் யாரை எச்சரித்தது என்பதே மாறிவிடும். அதனால் இரு மனிதர்கள் வரும் வாக்கியங்களில் நான் ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டு நகர்வதில்லை. தமிழ் மூலத்தில் "ஐ" யார் மேல் ஒட்டியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் அதே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிறேன்.

சரி, செயப்படுபொருள் முதலில் வரும் தமிழ் வாக்கியத்தை எப்படித்தான் கொண்டுபோவது? எல்லாவற்றையும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று இஸ்திரி போட்டுவிடலாம், பிழை வராது. ஆனால் எழுதியவர் ஒரு காரணத்துக்காகத்தான் அதை முன்னால் கொண்டுவந்தார். அந்தக் காரணம் தொலைந்துவிடும். நான் முதலில் கேட்பது, அது ஏன் முன்னால் வந்தது என்று.

பெரும்பாலும் விடை இதுவாக இருக்கும்: அந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கடிதம் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள், "கடிதத்தை மேலாளர் அனுப்பிவிட்டார்" என்று பதில் வந்தது. தெரிந்தது முன்னால், புதிய செய்தி பின்னால். ஆங்கிலத்தில் இந்த வரிசையைக் காப்பாற்ற நேரான வழி செயப்பாட்டுவினை: "தி லெட்டர் வாஸ் சென்ட் பை தி மேனேஜர்." கடிதம் முதலிலேயே இருக்கிறது, ஆனால் இப்போது அது எழுவாய். செயப்பாட்டுவினையை எழுதவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவருக்கு அது கெட்ட அறிவுரை என்பது என் எண்ணம். நம் வாக்கியத்தின் ஓட்டத்தைக் குலைக்காமல் அக்கரை சேர்க்கும் படகு அதுதான்.

இங்கே ஒரு குழி உண்டு. அவசரத்தில் "வாஸ்" விட்டுப்போனால் "தி லெட்டர் சென்ட் பை தி மேனேஜர்" என்று ஆகும். மறுபடியும் "மேலாளர் அனுப்பிய கடிதம்", மறுபடியும் பெயர்த்தொடர். "இஸ் மிஸ்ஸிங்" ஒட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். செய்தவர் "நான்", "நாங்கள்", "அவர்" என்று பிரதிப்பெயராக இருந்தாலும் செயப்பாட்டுவினை பொருந்தாது. "வாஸ் சென்ட் பை மீ" என்பது பிழையில்லை, ஆனால் விறைப்பாக ஒலிக்கும். அங்கே பேசாமல் "ஐ சென்ட் இட்" என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது காரணம், யார் செய்தார் என்பதில் அழுத்தம். "கடிதத்தை மேலாளர்தான் அனுப்பினார்." தமிழில் வினைக்கு ஒட்டி முன்னால் வரும் இடம் அழுத்தம் விழும் இடம். செயப்படுபொருளை முன்னால் தள்ளியதே, மேலாளரை அந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான். "தான்" அதை இன்னும் இறுக்குகிறது. ஆங்கில எழுத்தில் இதற்கு "இட் வாஸ் தி மேனேஜர் ஹூ சென்ட் தி லெட்டர்" என்ற கட்டு இருக்கிறது. அனுப்பியவர் மேலாளர் என்பதைத் தனியாகப் பிரித்து உயர்த்திக் காட்டும். "தான்" வரும் இடத்திலெல்லாம் இதைப் போட்டால் அலுத்துவிடும். உண்மையாகவே வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்லும்போது மட்டும் நான் விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது, ஒப்பீடு. "மெயிலை அனுப்பிட்டேன், கடிதத்தை அனுப்பல." இங்கே ஆங்கிலம் தமிழ் வரிசையை அப்படியே ஏற்றுக்கொள்ளும்: "தி மெயில் ஐ சென்ட், தி லெட்டர் ஐ டிட் நாட்." இது முழுக்க இலக்கணப்படி சரி. இரண்டு பொருள்களை எதிரெதிரே நிறுத்தும்போது செயப்படுபொருள் முன்னால் வரலாம். பேச்சில் குரல் ஏறி இறங்குவதே இதைத் தாங்கிப் பிடிக்கும். எழுத்தில் அந்தக் குரல் இல்லை. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் "தி மெயில் ஐ சென்ட்" மீண்டும் "நான் அனுப்பிய மெயில்" ஆகிவிடும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் மட்டும் விடுவேன், ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால் மாற்றிவிடுவேன்.

நேரம் காட்டும் சொற்களிலும் பலர் தடுமாறுகிறார்கள். "நேற்று நான் அனுப்பினேன்" என்பதை "யெஸ்டர்டே ஐ சென்ட் இட்" என்று தொடங்கலாம், தடையில்லை. "நான் நேற்று அனுப்பினேன்" என்பதை "ஐ யெஸ்டர்டே சென்ட் இட்" என்று எழுதினால் உறுத்தும். ஆனால் "ஐ ரீசன்ட்லி சென்ட் இட்", "ஐ ஆல்ரெடி சென்ட் இட்" உறுத்தாது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே அண்மையில், ஏற்கெனவே, அடிக்கடி போன்றவற்றுக்கு இடம் உண்டு, குறிப்பிட்ட நாளுக்கும் மணிக்கும் பொதுவாக இல்லை. செய்தித்தாள் ஆங்கிலத்தில் மட்டும், அரசு நேற்று அறிவித்தது என்பதை நம் வரிசையிலேயே "தி கவர்ன்மென்ட் யெஸ்டர்டே அனௌன்ஸ்ட்" என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துக் கடிதத்தில் எழுதினால் எடுபடாது.

துணைவாக்கியங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "மழை பெய்ததால் போகவில்லை", "நேரம் கிடைத்தால் வருகிறேன்" போன்றவற்றில் காரணமும் நிபந்தனையும் தமிழ் மாதிரியே முன்னால் வரலாம். "என்று" வரும் வாக்கியம்தான் சுவாரசியம். "அவர் வருவார் என்று நினைக்கிறேன்" என்பதை "ஹீ வில் கம், ஐ திங்க்" என்று அதே வரிசையில் எழுதினால் நல்ல ஆங்கிலம். "வருவார் என்று மேலாளர் சொன்னார்" என்பதும் அப்படியே போகும். ஆனால் "வருவாரா என்று சந்தேகப்படுகிறேன்" என்பது "ஹீ வில் கம், ஐ டவுட்" என்று போகாது. முதல் பாதியை அடித்துச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியில் அதையே மறுக்கும் வினைகளுக்கு இந்த வரிசை ஒத்துவராது. "தான் எடுத்ததை அவர் மறுத்தார்" என்பதும் அதே கதிதான்.

ஒரு முழுப் பத்தியில் இதெல்லாம் எப்படி வரும் என்பதற்கு, நான் திருத்திய ஒரு வரைவின் சாயலில் மூன்று வரிகள்: "ஒப்பந்தத்தை வழக்கறிஞர் சரிபார்த்தார். இரண்டாவது பக்கத்தை அவர் மாற்றச் சொன்னார். அதை நாங்கள் நேற்று மாற்றினோம்." மூன்றுமே செயப்படுபொருளில் தொடங்குகின்றன, தமிழில் ஒரு குறையும் இல்லை.

முதல் வரியை அப்படியே கொண்டுபோனால் "தி கான்ட்ராக்ட் தி லாயர் செக்டு", அதாவது வழக்கறிஞர் சரிபார்த்த ஒப்பந்தம். வினையை மட்டும் நடுவில் நகர்த்தினால் ஒப்பந்தம் வழக்கறிஞரைச் சரிபார்க்கும். பேச்சு ஒப்பந்தத்தைப் பற்றியது, வழக்கறிஞர் இப்போதுதான் உள்ளே வருகிறார். ஆகவே செயப்பாட்டுவினை: "தி கான்ட்ராக்ட் வாஸ் செக்டு பை தி லாயர்."

இரண்டாவது வரி இன்னும் வம்பு. "தி செகண்ட் பேஜ் ஷீ ஆஸ்க்டு அஸ் டு சேஞ்ச்" என்றால், அவர் மாற்றச் சொன்ன பக்கங்களில் இரண்டாவது என்றுகூடப் படிக்க இடம் இருக்கிறது. அது ஐந்தாம் பக்கமாகவும் இருக்கலாம்! செய்தவர் பிரதிப்பெயராக இருப்பதால் செயப்பாட்டுவினையும் வேண்டாம். நேராக "ஷீ ஆஸ்க்டு அஸ் டு சேஞ்ச் தி செகண்ட் பேஜ்". வழக்கறிஞர் முந்தைய வரியின் கடைசியில் நின்றதால் இந்த வரி அவரிலிருந்தே தொடங்குவது இயல்பாகவும் இருக்கிறது.

மூன்றாவதில் "அதை" என்பதை "தட்" ஆக்கினால் "தட் வீ சேஞ்ச்டு யெஸ்டர்டே". குரலின் அழுத்தம் இல்லாமல் ஏட்டில் பார்க்கும்போது அந்த "தட்" சுட்டா, "என்பது" போன்ற இணைப்பா என்று புரியாது. "இட்" போட்டால் வாக்கியமே நிற்காது. "இட் வீ சேஞ்ச்டு" என்று எந்தச் சூழலிலும் சொல்ல முடியாது, ஏனென்றால் முன்னால் வந்து நிற்கும் சொல்லுக்கு ஓர் அழுத்தம் வேண்டும், "இட்" அழுத்தம் தாங்காத சொல். "திஸ் வீ சேஞ்ச்டு யெஸ்டர்டே" தேறும், ஆனால் மற்றதை மாற்றவில்லை என்ற தொனி சேர்ந்துவிடும். மூலத்தில் அந்தத் தொனி இல்லை. "வீ சேஞ்ச்டு இட் யெஸ்டர்டே" என்று எழுதினேன். "யெஸ்டர்டே" கடைசியில்தான் போக வேண்டும். "வீ சேஞ்ச்டு யெஸ்டர்டே இட்" என்று வினைக்கும் அதன் பொருளுக்கும் நடுவில் அதை விடக்கூடாது. பொருள் நீளமான தொடராக இருந்தால், உதாரணமாக வழக்கறிஞர் சுட்டிக்காட்டிய எல்லாப் பத்திகளையும் என்று ஒரு வரி நீளத்துக்குப் போனால், அப்போது மட்டும் "யெஸ்டர்டே" முந்திக்கொள்ளலாம்.

தம்பி மூன்று வரிகளையும் திரும்பப் படித்துவிட்டு, "ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு வைத்தியமா அக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த வரைவில் அவரே ஓரத்தில் பென்சிலால் "இஸ் மிஸ்ஸிங்?" என்று குறித்து வைத்திருந்தார், அதில் இரண்டு இடம் தேவையில்லாதது.